திரையில் 'அம்மா' என்று வந்தது, பேசியது யாரோ

நேற்று வந்த அழைப்பில் 'அம்மா' என்று படத்தோடு காட்டியது. எடுத்தால் யாரோ ஒருவன் பணம் கேட்கிறான். அம்மா போனை ஹேக் செய்துவிட்டார்களா?

அம்மாவின் போனை அவன் தொட்டிருக்கவே வேண்டாம். பெயரையும் படத்தையும் காட்டியது உங்கள் போன். நெட்வொர்க் கொண்டுவந்தது வெறும் எண்தான். அந்த எண் உங்கள் தொடர்புப் பட்டியலில் இருந்ததால் போன் பெயரை எடுத்து வைத்துவிட்டது. எண்ணை எழுதி அனுப்புவதோ அழைக்கிற பக்கம். இணையவழி அழைப்பின் முதல் செய்தியில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
From: <sip:+12025550123@example.com>
```

கடித உறையில் எழுதும் அனுப்புநர் முகவரி போலத்தான் இது. உங்கள் எண் சரியாக இருந்தால் மணி அடித்துவிடும். இந்த வரி பொய்யானாலும் அழைப்பு நிற்காது. ஐம்பது மேசைகள் உள்ள அலுவலகம் ஒரே பொது எண்ணைக் காட்டுவதற்காக இருக்கும் வசதி இது. வாடிக்கையாளர் தரும் எண் அவருடையதுதானா என்று பார்க்காத சேவையாளர் கிடைத்தால் மோசடிக்காரனுக்கும் அதே வழிதான்.

அடுத்த முறை துண்டித்துவிட்டு நீங்களே அழையுங்கள். அப்போது அதே எண் சேருமிடம் ஆகிவிடுகிறது, அழைப்பு அம்மாவின் சிம்முக்குத்தான் போகும். அது உங்கள் அம்மா எண் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. எனக்கு அதுதான் அதிகம் கவலையாக இருக்கிறது.

பெயர் காட்டும் செயலி போட்டால் போலி மாட்டிவிடுமே?

பாதி சரி. பலர் புகார் செய்த எண்ணை அது பிடிக்கும். ஆனால் அதுவும் எண்ணை வைத்துத்தான் பெயர் தேடுகிறது. ஒரு வங்கியின் எண்ணைப் போட்டு அழைத்தால் வங்கியின் பெயரையே காட்டும்.

அழைக்கிற எண் உண்மையா என்று காட்டும் ஸ்டிர்/ஷேக்கன் கையொப்பம் வந்தபிறகு இந்தப் பிரச்சினை முடிந்திருக்க வேண்டுமே?

நல்ல கேள்வி. அழைப்பைத் தொடங்கும் தொலைபேசி நிறுவனம் அதில் டிஜிட்டல் கையொப்பம் இட்டு ஏ, பி, சி என ஒரு தரம் கொடுக்கும். ஏ என்றால் வாடிக்கையாளரையும் தெரியும், இந்த எண்ணைக் காட்ட அவருக்கு உரிமை இருப்பதும் தெரியும். சி என்றால் அழைப்பு எந்த வாசல் வழியே உள்ளே வந்தது என்பது மட்டும் தெரியும். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் இதைக் கொண்டுவர 2021 ஜூன் 30 கெடுவாக இருந்தது. ஆனால் வழியில் ஓரிடத்தில் இணையவழி அல்லாத பழைய தொலைபேசி சுவிட்ச் குறுக்கிட்டால் கையொப்பம் பெரும்பாலும் அங்கேயே உதிர்ந்துவிடும். வெளிநாட்டிலிருந்து நுழையும் அழைப்புக்குப் பல சமயம் சி தான். அப்புறம், ஏ என்பது எண்ணுக்குச் சான்று, பேசுகிறவரின் நேர்மைக்கு இல்லை. சி தர அழைப்பையெல்லாம் தடுத்துவிடலாமா என்பதில் எனக்கே முடிவான கருத்து இல்லை; நியாயமான அழைப்புகளும் அதில் சிக்கும்.

எனக்குப் போலி அழைப்பு வரவில்லை. ஆனால் நான் அழைத்ததாகச் சொல்லி யார் யாரோ திட்டுகிறார்கள். சிம் மாற்றவா?

இது அதே விஷயத்தின் மறுபக்கம். உங்கள் எண்ணை யாரோ முகமூடியாகப் போட்டிருக்கிறார்கள். தவறவிட்டவர்கள் திருப்பி அழைக்கும்போது உங்களிடம் வருகிறார்கள். முதலில் உங்கள் பில்லில் அந்த அழைப்புகள் இருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் அவை உங்கள் சிம்மிலிருந்து போகவில்லை, சிம் மாற்றியும் பயனில்லை. இருந்தால் கதையே வேறு, உடனே உங்கள் ஆபரேட்டரிடம் சொல்லுங்கள்.