கோத்தோங் ரோயோங்: அள்ளியது எங்கே போகும்?

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் 60 வீடுகள். கோத்தோங் ரோயோங் துப்புரவுக்கு நகராண்மைக் கழகத்திடம் ஒரு ரோரோ குப்பைத் தொட்டி கேட்டால் போதுமா?

தொட்டிகள் பல அளவில் வரும். மனு கொடுக்கும்போதே கனஅளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். 12 கனமீட்டர் தொட்டி என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒற்றை மெத்தை ஒன்று கால் கனமீட்டர் பிடிக்கும். மூவர் உட்காரும் சோபா ஏறத்தாழ ஒன்றரை. பத்து மெத்தை, நான்கு சோபா, வீட்டுக்கு ஒரு 60 லிட்டர் கறுப்புப் பை என்றாலே தொட்டி நிறைந்துவிடும். அலமாரிகளுக்கு இடமே இருக்காது. அதனால் சோபாவையும் அலமாரியையும் உடைத்துப் போட இரண்டு பேரைச் சுத்தியல், ரம்பத்தோடு தொட்டியருகிலேயே நிறுத்துங்கள். பலகைகள் முதலில் அடியில் படுக்கட்டும். பைகள் கடைசியில். விளிம்புக்கு மேல் குவிந்தால் லோரிக்காரர் ஏற்ற மறுப்பார், அவர் மறுப்பது சரிதான்.

தொட்டி முந்தின நாளே வந்தால் இரவோடு இரவாக யாரோ வீடு இடித்த செங்கல்லைக் கொட்டிவிடுவார்கள். காலையில் வந்து மாலையில் எடுக்கும்படி கேளுங்கள். முடியாது என்றால், ஆள் இருக்கும் வீட்டின் முன், விளக்குக் கம்பத்தடியில் வைக்கச் சொல்லுங்கள்.

கால்வாயையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா? நூறு மீட்டர்தான்.

முடியாது. 45 செண்டிமீட்டர் அகலக் கால்வாயில் 10 செண்டிமீட்டர் சேறு இருந்தால், நூறு மீட்டருக்கு நாலரை கனமீட்டர். ஈரச் சேறு ஒரு கனமீட்டர் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அப்படியானால் ஏழு டன்! முப்பது பேர் வந்தாலும் பத்து மணிக்குள் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

எங்கே அடைத்திருக்கிறதோ அங்கே 20 மீட்டர் மட்டும் எடுங்கள். பெரும்பாலும் அது சாலைக்கு அடியில் போகும் குழாயின் வாயாக இருக்கும். தண்ணீர் வெளியேறும் பக்கத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். மேலிருந்து தொடங்கினால் தேங்கிய நீருக்குள் நின்றுதான் வெட்ட வேண்டியிருக்கும். குழாய்க்குள் யாரும் தலையை நுழைக்க வேண்டாம், அது கழகத்தின் வேலை.

இந்த 20 மீட்டருக்கே எட்டு லிட்டர் வாளி நூற்றுக்கு மேல் தூக்க வேண்டும். அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அடுத்த மழையில் அது கால்வாய்க்கே திரும்பிவிடும். அரிசிச் சாக்கில் பாதியளவு நிரப்பிக் கட்டி வையுங்கள். நெசவு வழியே தண்ணீர் வடிந்து எடை குறையும். கறுப்புப் பை கிழிந்துவிடும். சேற்று மூட்டையை ரோரோவில் போடாதீர்கள், அங்கே இடம் இருக்காது. அதற்குத் தனி லோரி வேண்டுமென்று மனுவிலேயே எழுதுங்கள்.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் கையுறையும் கட்டாயம். காரணம் எலியின் சிறுநீர் வழியே பரவும் நோய். காலில் வெட்டுக்காயம் உள்ளவரைக் கால்வாயில் இறக்காதீர்கள். அடுத்த சில வாரங்களுக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், கால்வாய் வெட்டியதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

தாமானுக்குப் பின்னால் தோட்டத்து லயம். அங்கேயும் செய்ய யாரிடம் அனுமதி?

வேலிக்கு அந்தப் பக்கம் தோட்ட நிலம். கழகத்தின் கடிதம் அங்கே செல்லாது. தோட்ட மேனேஜருக்குத் தனிக் கடிதம் எழுதி, கிராணியிடம் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். லயத்துக் குப்பையை அகற்றுவது நிர்வாகத்தின் பொறுப்பு. எனவே டிராக்டரும் டிரெய்லரும் கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஆற்றங்கரை என்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகா.

பேராக்கில் கழகத்திடமே போகலாம். நெகிரி செம்பிலான், கெடா, ஜொகூர் போன்ற மாநிலங்களில் 2007ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டம் நடப்பில் இருப்பதால் திடக்கழிவுக் கழகமான SWCorp அலுவலகத்துக்குப் போக வேண்டும். எங்கானாலும் மலாயில் ஒரு பக்கக் கடிதம் போதும்: தேதி, நேரம், சாலைப் பெயர்கள், ஆள் எண்ணிக்கை, கேட்கும் தொட்டி, லோரி, பொறுப்பாளரின் தொலைபேசி எண். மூன்று வாரம் முன்பே கொடுங்கள். தொட்டி உறுதியாகும்வரை வாட்ஸ்அப்பில் தேதியை அறிவிக்காதீர்கள்.

காய்ந்த ஓலையைக் கொளுத்திவிடலாமா?

கூடாது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது. ஓலையை வெட்டிக் கட்டி, பிளாஸ்டிக் கலக்காமல் தனியாகக் கொடுங்கள்.

பழைய டயர்களும், களைக்கொல்லி வந்த கேன்களும் நிறையக் கிடைக்கின்றன. என்ன செய்வது?

கேன்களை மற்ற குப்பையோடு சேர்க்காதீர்கள், பழைய சாமான்காரருக்கும் விற்காதீர்கள். யாராவது கழுவித் தண்ணீர் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். மூடியை இறுக்கி, நிமிர்த்தி ஒரு பெட்டியில் அடுக்கி, தோட்டத்து மருந்து ஸ்டோரிடமே திருப்பிக் கொடுங்கள்.

டயரில் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து, மழைநீர் பட்டதும் பொரியும். உட்புறத்தைப் பிரஷால் தேய்த்து, லோரி வரும்வரை கூரையடியில் அடுக்குங்கள். பூந்தொட்டியாக வைத்திருப்பேன் என்பவர்களின் டயரில், அடிப்பக்கம் நான்கு துளை போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.