தடுப்பு மருந்து கொடுத்தும் குஞ்சுகள் செத்தது ஏன்?

கேள்வி: வத்தளையில் வீட்டுக்குப் பின்னால நாட்டுக்கோழி வளர்க்கிறேன் ஐயா. பொரிச்சு 3ஆம் நாள் ராணிக்கெட் மருந்தைக் குழாய்த் தண்ணியில கலந்து குடுத்தன், ஒரே தரம்தான். 5ஆம் கிழமை கழுத்து முறுகி, பச்சையாக் கழிஞ்சு, பாதி செத்துப்போச்சு. மகள் வினாடி வினாவில "தடுப்பூசி போட்டதும் முதல்ல வாற பிறபொருளெதிரி எது" எண்டதுக்கு ஐஜிஜி எண்டு எழுதிப் பிழையாம். பிறபொருளெதிரி வந்திருந்தா குஞ்சு ஏன் சாகுது?

பதில்: அடையாளங்கள் ராணிக்கெட் மாதிரித்தான் இருக்கின்றன, ஆனாலும் செத்த குஞ்சொன்றை உடனே மிருக வைத்தியரிடம் காட்டி உறுதி செய்யுங்கள்.

மகளின் கேள்விக்கு விடை ஐஜிஎம். உடல் ஒரு கிருமியை முதன்முறை சந்திக்கும்போது, சில நாட்களில் வருவது அதுதான்; கிருமியைப் பிடிக்க அதற்குப் பத்து கை, ஆனால் பிடி அவ்வளவு இறுக்கமில்லை, சீக்கிரம் குறைந்தும் விடும். அப்புறம்தான் ஐஜிஜி வருகிறது, கோழியில் அதன் இடத்தில் இருப்பது ஐஜிவை. அதோடு நினைவுக் கலங்களும் உருவாவதால் இரண்டாம் தரம் கொடுக்கும்போது ஐஜிவை வேகமாகவும் அதிகமாகவும் வரும். நீங்கள் அந்த இரண்டாம் தரத்தைக் கொடுக்கவே இல்லை.

முதல் தரமும் சரியாகப் பிடித்திருக்காது என்றே நினைக்கிறேன். தாய்க்கோழியின் ஐஜிவை மஞ்சட்கரு வழியாகக் குஞ்சுக்கு வருகிறது, ராணிக்கெட்டுக்கு எதிரான அந்த அளவு கிட்டத்தட்ட நாலரை நாளுக்கொருமுறை பாதியாகும். பொரிக்கும்போது 64 என்று வைத்தால் 3ஆம் நாள் ஏறத்தாழ 40, 9ஆம் நாள் 16, 18ஆம் நாள் 4. உயிருள்ள தடுப்பு மருந்தென்றால் அந்த வைரஸ் குஞ்சுக்குள் கொஞ்சம் பெருகினால்தான் உடல் அதைக் கற்றுக்கொள்ளும், 40 இருக்கும்போது தாயின் பிறபொருளெதிரியே அதில் பெரும்பகுதியை முடக்கிவிடும். பிறகு தாயுடையது கரைந்து, குஞ்சுக்குச் சொந்தமாகவும் எதுவும் இல்லாத இடைவெளி வரும், உங்கள் 5ஆம் கிழமை அதற்குள்தான் விழுகிறது. தாய்க்கு மருந்தே போடாதிருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

இன்னொரு பக்கம், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அது மருந்து வைரஸையே கொன்றுவிடும். தண்ணீரில் கொடுப்பதானால் லீற்றருக்கு இரண்டரை கிராம் கொழுப்பகற்றிய பால்மா கலந்து 20 நிமிடம் விட்டு, அதன்பிறகு மருந்தைக் கலந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்க வையுங்கள். கொஞ்சக் குஞ்சுகள்தானே, நான் என்றால் கண்ணில் சொட்டுவேன், ஏனென்றால் கண்ணிலும் மூச்சுப் பாதையிலும் ஐஜிஏ என்ற இன்னொரு பிறபொருளெதிரி உருவாகி வைரஸ் நுழையும் வாசலிலேயே நிற்கும். தாயின் ஐஜிவை இரத்தத்தில்தான் அதிகம், அதனால் கண்சொட்டை அது அவ்வளவு தடுக்காது. 7ஆம் நாள் ஒரு தரம், 3 அல்லது 4 கிழமையில் மறுபடியும், மருந்தின் வகையைப் பார்த்து வைத்தியர் இந்த நாட்களை மாற்றலாம். கடையிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து 2 முதல் 8 பாகையில் வையுங்கள், கலந்ததில் மிச்சத்தை நாளைக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

இப்போது நோயில் இருக்கிற குஞ்சுக்கு மருந்து போட்டும் பயனில்லை, பிறபொருளெதிரி வருவதற்குள் நோய் முந்திவிடும். அவற்றைப் பிரித்து வையுங்கள், செத்ததை ஆழமாகப் புதையுங்கள், அந்தக் கூட்டுக்குப் போன செருப்போடு மற்றக் கூட்டுக்குப் போகாதீர்கள்.