கருந்துளை கரையும் கணக்கு: கேள்வி பதில்

இன்றைக்குக் கருந்துளை கரைவது பற்றி மட்டும். பூமியை விழுங்குவது பற்றிப் போன தடவையே போதுமான அளவு பேசியாயிற்று.

செந்தூல் வாசகி: சார், ஹாக்கிங் சொன்னபடி பார்த்தால் வானத்தில் இருக்கிற கருந்துளைகள் எல்லாம் இப்போது சிறுத்துக்கொண்டு வருகின்றனவா?

இல்லை. பெருத்துக்கொண்டு வருகின்றன.

ஹாக்கிங் 1974-இல் சொன்னது, கருந்துளைக்கும் ஒரு வெப்பநிலை உண்டு, அதனால் அது கதிர் வீசி நிறை இழந்து கரையும் என்பது. நிறை கூடக் கூட அந்த வெப்பநிலை குறையும். சூரியனின் நிறையுள்ள கருந்துளைக்கு அது ஒரு கெல்வினில் 1.6 கோடியில் ஒரு பங்குதான். ஆனால் வெட்டவெளி அவ்வளவு குளிர் இல்லை. பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலைக் கதிர் எங்கும் நிறைந்து 2.7 கெல்வினில் இருக்கிறது. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தானே வெப்பம் போகும்? கருந்துளை வெளியே விடுவது அணுவளவு, உள்ளே வாங்குவது அதைவிடப் பல மடங்கு. வாயுவோ தூசியோ ஒன்றும் விழாவிட்டாலும் நிறை ஏறும்.

சரி, எது இன்றைக்கே கரையும்? நிலாவை அப்படியே கருந்துளையாக அழுத்தினால் ஆரம் 0.1 மில்லிமீட்டர், வெப்பநிலை சுமார் 1.7 கெல்வின். அதுவும் வளரும்! நிலாவின் நிறையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் வரவைவிடச் செலவு கூடும். நட்சத்திரம் சரிந்து அத்தனை சிறிய கருந்துளை உருவாக வழியில்லை.

சூரிய நிறைக் கருந்துளையின் முறை வர, பிரபஞ்சம் விரிந்து அந்தப் பின்னணிக் கதிர் ஆற வேண்டும். விரிவு இப்போதைய போக்கிலேயே தொடர்ந்தால் அதற்கே சுமார் 30,000 கோடி ஆண்டுகள். அப்புறம் முழுதாகக் கரைய 2-க்குப் பின்னால் 67 சுழியம் போட்ட ஆண்டுகள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: நான் தொழிற்சாலையில் வெப்பக் கேமரா சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் கேமராவை நன்றாகக் குளிரூட்டினால் கருந்துளை வீசும் கதிரைப் பிடிக்குமா?

பிடிக்காது தம்பி. உங்கள் கேமரா பார்ப்பது சில மைக்ரான் அலைநீளம். சூரிய நிறைக் கருந்துளையின் கதிருக்கு அலைநீளம் சுமார் 47 கிலோமீட்டர், பினாங்கின் இரண்டாவது பாலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கருந்துளையின் ஆரமே 3 கிலோமீட்டர்தான். இந்த இரண்டு எண்களையும் மறக்காதீர்கள், கீழே வேண்டும்.

பட்டர்வொர்த் வாசகர்: கருந்துளையின் விளிம்பில் துகளும் எதிர்த்துகளும் ஜோடியாகத் தோன்றும், எதிர்த்துகள் உள்ளே விழுந்து அங்குள்ள பொருளை அழிக்கும், துகள் தப்பி வெளியே வரும். இவ்வளவுதானே?

பாதி சரி. எதிர்த்துகளுக்கும் நிறை உண்டு, அது விழுந்தால் கருந்துளை கனக்கும். விழுவது துகளா எதிர்த்துகளா என்பது விஷயமே இல்லை. உள்ளே போகிற பங்கின் ஆற்றல், தொலைவில் இருப்பவரின் கணக்கில் எதிர்மறை. அதனால்தான் நிறை குறைகிறது.

மறுபடியும் பட்டர்வொர்த்: ஜோடிக் கதையைச் சொன்னதே ஹாக்கிங்தான் சார். அவரைவிட நீங்கள் பெரியவரா?

அவர்தான் சொன்னார். 1975 கட்டுரையில் அதைச் சொன்ன கையோடு, இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் எழுதினார். அந்த வரியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

இப்போது அந்த 47-ஐயும் 3-ஐயும் பக்கத்தில் வையுங்கள். அலை கருந்துளையைவிடப் பெரியது. அது விளிம்பில் இந்தப் புள்ளியில் பிறந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? ஹாக்கிங் போட்ட கணக்கில் ஜோடியே கிடையாது. நட்சத்திரம் சரிவதற்கு முன் வெறுமையாக இருந்த புலத்தின் அலைகள், சரிவின்போது விளிம்பை ஒட்டிக் கடக்கையில் பயங்கரமாக இழுபடுகின்றன. வெகுதூரம் வந்து சேரும்போது அது வெறுமையாக இல்லை, வெப்பக் கதிராக இருக்கிறது.

மூன்றாம் முறை பட்டர்வொர்த்: அப்படியானால் கதிர் எந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது?

இது நல்ல கேள்வி. விளிம்பை ஒட்டியா, ஆரத்தைப் போலச் சில மடங்கு தள்ளிப் பரவலாகவா என்று நிபுணர்களே வாதாடுகிறார்கள். நான் இரண்டாவது கட்சி. நீங்கள் முதல் கட்சியில் இருக்கலாம், எதிர்த்துகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி: கரையக் கரைய ஆறிப்போய்க் கடைசியில் நின்றுவிடாதா?

நேர்மாறு அம்மா. இளைக்க இளைக்கச் சூடேறும், சூடேற ஏற வேகமாக இளைக்கும். நிறை பாதியானால் மிச்ச ஆயுள் எட்டில் ஒரு பங்கு. பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் சுமார் 50 கோடி டன் நிறையோடு, புரோட்டான் அளவில், கருந்துளைகள் பிறந்திருந்தால் அவை இந்தக் காலத்தில்தான் காமா கதிராக வெடித்து முடிய வேண்டும். ஃபெர்மி விண்தொலைநோக்கியின் பதிவுகளில் தேடினார்கள். உறுதியாக ஒன்றும் அகப்படவில்லை.

ஆயர் ஈத்தாம் வாசகர்: ஜெனீவாவில் துகள்களை மோதவிடும் இயந்திரத்தில் ஒரு கருந்துளை உண்டானால் பூமியை...

முதல் வரியைப் படியுங்கள்.