கீமோ நடக்கும்போதே பாலியேட்டிவ் கேர் எதற்கு?

“அப்பாவுக்கு நுரையீரல் கேன்சர், நாலாம் ஸ்டேஜ். முதுகெலும்புக்கும் பரவியிருக்கு. கீமோ போய்க்கிட்டிருக்கு, ஆனா பாலியேட்டிவ் கேர் டாக்டரையும் பாருங்கன்னு அனுப்புறாங்க. அது ஹாஸ்பிஸ்தானே? கைவிட்டுட்டாங்களா?”

கைவிடவில்லை. பாலியேட்டிவ் கேர் என்பது வலி, வாந்தி, மனச்சோர்வு போன்ற தொல்லைகளைத் தணிக்கும் சிகிச்சை. ஹாஸ்பிஸ் என்பது கடைசி மாதங்களுக்கான பராமரிப்பு. அமெரிக்காவில் அரசு மருத்துவக் காப்பீடு அதற்குப் பணம் தர வேண்டுமானால், நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதத்துக்குள் உயிர் பிரியலாம் என்று மருத்துவர்கள் எழுதித்தர வேண்டும்; நோயை எதிர்க்கும் சிகிச்சையை நோயாளி விட்டுவிட வேண்டும். பாலியேட்டிவ் கேருக்கு இந்த இரண்டு நிபந்தனையும் கிடையாது. நோய் தெரிந்த நாளிலிருந்தே கீமோவோடு சேர்த்துத் தரலாம். 2010-இல் பாஸ்டனில் வெளியான ஆய்வில், உங்கள் அப்பாவுக்கு இருப்பதுபோல் பரவிவிட்ட நுரையீரல் கேன்சர் உள்ள 151 பேரைப் பார்த்தார்கள். தொடக்கத்திலேயே பாலியேட்டிவ் கேரும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 11.6 மாதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். எல்லாக் கேன்சருக்கும் இதே அளவு ஆயுள் கூடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த டாக்டர் என்ன செய்வார் என்பதை வலியை வைத்தே சொல்கிறேன், எலும்புக்குப் பரவியவர்களை அதிகம் வாட்டுவது அதுதான். டிராமடால் என்ற வலிமாத்திரையை முழு அளவில் சாப்பிட்டும் முதுகுவலியில் தூங்க முடியாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மார்ஃபின் மாத்திரை 10 மில்லிகிராம் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 மணிக்கு. இரவு 10 மணிக்கு மட்டும் 20. நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக அந்த இரட்டை அளவு. மொத்தம் 60. நடுவில் வலி பீறிட்டால் கூடுதலாக ஒரு 10. அதை நேரத்தோடு நோட்டில் குறிக்க வேண்டும். நாளைக்கு மூன்று முறை கூடுதலாகத் தேவைப்பட்டால் மொத்தம் 90 ஆகிறது. அதை ஆறாகப் பிரித்து, ஒரு வேளைக்கு 15, இரவு 10 மணிக்கு மட்டும் 30 என்று டாக்டர் மாற்றுவார். அந்த நோட்டு இல்லாவிட்டால் அவர் குத்துமதிப்பாகத்தான் மாற்ற முடியும். வலி வந்தபின் சாப்பிடலாம் என்று வேளையைத் தள்ளிப்போடுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் வலி எப்போதும் ஒரு படி முன்னால் ஓடும்.

மார்ஃபின் ஆரம்பித்தால் முடிவு நெருங்கிவிட்டது என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. ஆனால் வலிக்கும் எலும்பில் ஒரே ஒரு தடவை 8 கிரே கதிர்வீச்சு கொடுத்து, சில வாரத்தில் வலி தணிந்ததும் மார்ஃபினைப் படிப்படியாகக் குறைப்பது சாதாரணமாக நடப்பதுதான். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இனி கீமோவும் வலிமருந்தும் மோதும் இடங்கள். மார்ஃபின் குடலை மந்தமாக்கும். கீமோ வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரானும் மலத்தை இறுக்கும். இரண்டும் சேர்ந்தால் ஐந்தாறு நாள் மலம் போகாமல், வயிறு உப்பி, மறுபடி வாந்தி வரும். அதைக் கீமோ வாந்தி என்றே நினைத்துவிடுவார்கள். அதனால் மார்ஃபினின் முதல் மாத்திரையோடேயே பிசகோடைல் போலக் குடலைத் தூண்டும் மாத்திரையும் இரவில் வேண்டும். இசப்கோல் இதற்குச் சரிப்படாது. தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அது இன்னும் அடைத்துக்கொள்ளும்.

சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்தான சிஸ்பிளாட்டின் ஏறுகிறது என்றால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைக் கேட்டு வையுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் மார்ஃபினின் கழிவுகள் உடலில் தேங்கும். நேற்றுவரை ஒத்துக்கொண்ட அதே அளவில் இன்று எழுப்ப முடியாத தூக்கம், கைகால் வெடுக்கென்று இழுப்பது என்று தெரியும். அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அளவைக் குறைப்பார் அல்லது ஃபென்டனில் பட்டைக்கு மாற்றுவார். இதே சிறுநீரகக் காரணத்துக்காக மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் என்ற வலிமாத்திரையை வாங்கிக் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் கொடுக்குமுன் தெர்மாமீட்டர் வையுங்கள். கீமோ முடிந்து ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் அவசரம்; மாத்திரை அதை மறைத்துவிடும்.

முதுகெலும்பு என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். முதுகுவலி புதிதாகக் கூடி, கால் தள்ளாடினாலோ மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, மார்ஃபினைக் கூட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று அன்றே எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். நடக்க முடிகிற நிலையிலேயே ஸ்டீராய்டும் கதிர்வீச்சும் தொடங்கினால் பெரும்பாலும் தொடர்ந்து நடக்க முடியும். கால் முழுதும் செயலிழந்தபின் அதை மீட்பது அரிது.