வாடிக்கையாளரின் பாராட்டு எப்போது நாடக வசனமாகிறது?

கேள்வி: பூம்பாறையில் மலைப்பூண்டு விளைவித்து, வாட்ஸ்அப் வழியாக நேரடியாக விற்கிறோம். மதுரையிலிருந்து ஓர் அக்கா இப்படி எழுதியிருந்தார்: “அண்ணே, பூண்டு வந்துச்சு. மொதல்ல பாத்தப்ப ரொம்பப் பொடிசா இருக்கேன்னு நெனச்சேன். ரசத்துல நாலு பல்லு தட்டிப் போட்டேன், வாசம் மாடி வரைக்கும் வந்துருச்சு. உரிக்கத்தான் நேரமாகுது. அம்மாவுக்கு கேஸ் தொல்லையும் கொறஞ்ச மாதிரி இருக்கு. பார்சல் வர ஆறு நாள் ஆச்சு.” இதை என் மகன், “கொடைக்கானலின் தூய மலைப்பூண்டு எங்கள் சமையலையே மாற்றிவிட்டது! வாயுத் தொல்லைக்கு நிரந்தரத் தீர்வு!” என்று இன்ஸ்டாகிராமில் போட்டான். நாங்களே எழுதிக்கொண்டது போல இருக்கிறது என்று தெரிந்தவர்களே சொல்கிறார்கள். எப்படி எழுதியிருக்க வேண்டும்? கருத்து எழுதுபவர்களுக்கு கால் கிலோ இலவசமாகத் தரலாமா?

பதில்: உங்கள் மகனின் வாசகத்தில் அந்த அம்மையாரின் சொல் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதே முதல் கோளாறு. “சமையலையே மாற்றிவிட்டது” என்பதை மிளகாய்த்தூளுக்கும் சொல்லலாம், மிக்சிக்கும் சொல்லலாம். ஆனால் “நாலு பல்லு”, “மாடி வரைக்கும்” என்பவற்றை அந்த ரசத்தை வைத்தவர் மட்டுமே சொல்ல முடியும். ஆகவே வெட்டலாம், ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது என்ற ஒரே விதியோடு தொடங்குங்கள். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாகத் திருத்தவும் வேண்டாம். “வந்துருச்சு” என்பது “வந்துவிட்டது” ஆனவுடனே அதில் கடைக்காரர் குரல் கேட்கத் தொடங்கிவிடும்.

எதை வெட்டுவது என்பதில்தான் கவனம் வேண்டும். “பொடிசா”, “உரிக்கத்தான் நேரமாகுது” ஆகிய இரண்டு குறைகளையும் நீக்கவே கை போகும். நான் அவற்றைத்தான் முதலில் காப்பாற்றுவேன். முதலில் ஏமாற்றமடைந்தவர் பிறகு மனம் மாறினார் என்பதே அவர் சொன்ன செய்தி. அந்த முதல் வரி போனால் பாராட்டு மட்டும் தொங்கும். மேலும், பெரிய பல்லை எதிர்பார்த்து வாங்கிவிட்டுச் சண்டைக்கு வரக்கூடியவருக்கு அது முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஆறு நாள் என்ற வரியை விட்டுவிடலாம், ஏனெனில் பேச்சு பூண்டைப் பற்றியது. ஆனால் உங்கள் பக்கத்தில் “இரண்டே நாளில் பார்சல்” என்று வேறெங்காவது எழுதியிருந்தால், அந்த வரியை மறைப்பது நேர்மையாகாது.

வாயுத் தொல்லை பற்றிய வரி கட்டாயம் போக வேண்டும். உணவுப் பொருள் ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. அதை வாடிக்கையாளர் வாயால் சொல்ல வைத்தாலும், நீங்கள் எடுத்துப் போட்ட பிறகு அது உங்கள் விளம்பரம்தான். அவர் எழுதியதோ “கொறஞ்ச மாதிரி இருக்கு” என்ற தயக்கம் மட்டுமே. அதை “நிரந்தரத் தீர்வு” ஆக்கியது, அவர் சொல்லாத ஒன்றுக்கு அவரையே சாட்சியாக்குவது.

இப்படி நிறுத்தியிருக்கலாம்:

“மொதல்ல பாத்தப்ப ரொம்பப் பொடிசா இருக்கேன்னு நெனச்சேன். ரசத்துல நாலு பல்லு தட்டிப் போட்டேன், வாசம் மாடி வரைக்கும் வந்துருச்சு. உரிக்கத்தான் நேரமாகுது.”
— மதுரை வாடிக்கையாளர் ஒருவர்

அதன் கீழே, மேற்கோளுக்கு வெளியே, உங்கள் குரலில் ஒரு வரி போதும்: “பல் சிறிதாகத்தான் இருக்கும், வெதுவெதுப்பான நீரில் சற்று ஊற வைத்தால் தோல் எளிதில் கழலும்.” குறைக்கு மறுப்புச் சொல்லாமல் விடை சொல்வதால், இரண்டு மனிதர்கள் பேசிக்கொள்வது போல அமையும். இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிகளே திறக்காமல் தெரியும் என்பதால், “எங்கள் அன்பு வாடிக்கையாளரின் மகிழ்ச்சி” போன்ற முன்னுரையை வைத்து அந்த இடத்தை வீணாக்காதீர்கள். ஆச்சரியக்குறியும் வேண்டாம், அவர் ஒன்றுகூடப் போடவில்லை.

வெளியிடும் முன், வெட்டிய வடிவத்தையே அவருக்கு அனுப்பி, “அக்கா, இதை இப்படியே எங்கள் பக்கத்தில் போடலாமா? பெயர் போடவா, ஊர் மட்டும் போதுமா?” என்று கேளுங்கள். மூலச் செய்தியைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

இலவசக் கால் கிலோவைத் தரலாம், ஆனால் புகழ்ந்தால்தான் என்ற நிபந்தனை கூடாது. தந்திருந்தால் “இலவசமாகப் பெற்று எழுதியவர்” என்று அந்தப் பதிவிலேயே தெரியும்படி குறிப்பிட வேண்டும். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள இத்தகைய தொடர்பை வெளிப்படுத்தச் சொல்கின்றன. சொந்தக்காரர் எழுதினாலும் இதே முறைதான். அந்த வழிகாட்டுதல்கள் கருத்து உண்மையாகவும் ஓரளவு அண்மையதாகவும் இருக்க வேண்டும் என்றும் கூறுவதால், அடுத்த போகத்துப் பூண்டு விற்பனைக்கு வந்ததும் இந்தப் பதிவை முகப்பிலிருந்து இறக்கிவிட்டு, அந்தப் பூண்டை வாங்கியவரிடம் புதிதாகக் கேளுங்கள்.