பச்சைத் தண்ணீரில் துவைத்தும் ஸ்கிரீன் ஏறிவிட்டதா?

கரூரில் 19 வருடமாக ஸ்கிரீனும் சோபா கவரும் தைத்துக் கொடுக்கிறேன். தைத்து அனுப்பிய பிறகு வருகிற போன்களில் பாதிக்கு மேல் துவைப்பது பற்றியவைதான். கனமான காட்டன், அதிலும் அடர்ந்த நிறம் என்றால் சொல்லவே வேண்டாம். இந்த முறை வந்த கேள்விகளில் சிலவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

"அக்கா, 7 அடி கருநீலக் காட்டன் ஸ்கிரீன். பச்சைத் தண்ணியிலதான் துவைச்சேன், வெந்நீர் பக்கமே போகல. ஆனா 3 இஞ்ச் ஏறிடுச்சு. எப்படி?" (மதுரை)

வெந்நீர் பட்டால்தான் காட்டன் சுருங்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சூடு சுருக்கத்தைக் கூட்டும், அது உண்மை. ஆனால் சுருக்கத்தைத் தொடங்கி வைப்பது தண்ணீர்தான்.

தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். அப்புறம் சாயப்பட்டறை, ஃபினிஷிங் என்று போகும் இடமெல்லாம் துணி நீளவாக்கில் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அந்த இழுப்போடேயே காய்ந்து, சுருட்டப்பட்டு, கடைக்கு வந்துவிடுகிறது. நீங்கள் முதல் தடவை நனைக்கும்போது பஞ்சு நூல் தண்ணீர் குடித்துப் பருக்கிறது. குறுக்கே ஓடும் ஊடை நூல் பருத்தால், அதன் மேலும் கீழும் வளைந்து போகிற பாவு நூலுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அதைத் துணியின் நீளத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அகலத்தை விட நீளம் அதிகமாக ஏறுவது அதனால்தான். கனமான துணியில் நூலும் தடிமன் என்பதால் இது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிடும்.

7 அடி என்பது 84 இஞ்ச். அதில் 3 இஞ்ச் என்றால் நூற்றுக்கு மூன்றரை. சான்ஃபரைஸ் செய்த துணி, அதாவது ஆலையிலேயே சுருக்கி அனுப்பியது, நூற்றுக்கு ஒன்றுக்குள் நிற்கும். அது செய்யாத துணியில் 5 வரைக்கும் போவது சாதாரணம். உங்களுடையது இரண்டாவது ரகம் என்று நினைக்கிறேன்.

இனி என்ன செய்யலாம்? மறுபடி நன்றாக நனைத்து, லேசாக மட்டும் ஸ்பின் விட்டு, ஈரத்தோடு அதே ராடில் மாட்டுங்கள். தரையில் ஒரு பழைய துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். கனமான காட்டன் ஈரத்தில் தன் எடையாலேயே கீழே இழுக்கும். கீழ் மடிப்பை இரண்டு கையாலும் பிடித்து நேராக, ஒரே சீராக இழுத்து விடுங்கள். ஓரத்தை மட்டும் இழுத்தால் கோணிக்கொள்ளும். பாதி காய்ந்ததும் எடுத்து நீளவாக்கில் அயர்ன் செய்யுங்கள். ஒரு இஞ்ச் வரைக்கும் திரும்ப வரலாம், முழுசாக வராது. அடுத்த துவைப்பில் அது மறுபடி ஏறும் என்பதால் ஒவ்வொரு தடவையும் ராடில்தான் காய வைக்க வேண்டியிருக்கும்.

மீதிக்குக் கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கலாம். ஆனால் மடிப்புக்குள் இருந்த துணி வெயில் படாமல் அடர்த்தியாக இருக்கும், கருநீலத்தில் அந்தக் கோடு நன்றாகத் தெரியும். ஜோடியில் ஒன்றை மட்டும் இறக்காதீர்கள்.

"சாயம் போகுதுன்னு இவ்வளவு கவலை எதுக்கும்மா? கல்லுப்பும் கொஞ்சம் வினிகரும் போட்டு ராத்திரி முழுக்க ஊற வெச்சா சாயம் நின்னுடும். எங்க வீட்ல அம்பது வருஷமா இதான்." (திருநெல்வேலி)

ஐயா, உங்கள் வீட்டு அனுபவத்தில் பாதி சரி. அந்தக் காலத்துக் காட்டனில் டைரக்ட் சாயம் நிறைய இருந்தது. உப்புத் தண்ணீரில் அந்தச் சாயம் துணியை விட்டு எளிதில் வெளியே வராது. உப்பு போட்ட அன்றைக்குச் சாயம் நின்றதை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

இப்போது கடையில் வாங்கும் அடர்நிறக் காட்டனில் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அது பஞ்சோடு ஒட்டுவதெல்லாம் சாயப்பட்டறையில் சோடா போட்டு, சரியான சூட்டில் வைக்கும்போது முடிந்துவிடுகிறது. ஒட்டிய சாயம் சாதாரணத் துவைப்புக்குப் போகாது. ஒட்டாமல் மேலே தங்கிய சாயத்தைப் பட்டறையிலேயே கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி எடுத்திருக்க வேண்டும். அதில் அவசரம் காட்டினால் மீதி உங்கள் வாளிக்கு வருகிறது. அது வெளியேற வேண்டிய சாயம். உப்பு அதைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும், அடுத்த துவைப்பில் திரும்ப வரும். வினிகர் காட்டனில் சாயத்தை நிறுத்தாது.

ராத்திரி முழுக்க ஊறுவதுதான் எனக்கு பயம். வாளியில் இறங்கிய கருநீலம் அதே ஸ்கிரீனின் வெள்ளைக் கோட்டிலோ பைப்பிங்கிலோ ஏறிக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று துவைப்புக்குத் தனியாக, நிறையத் தண்ணீரில், ஊற வைக்காமல் துவைத்து உடனே அலசி மாட்டிவிடுங்கள். சாயம் விடுமா என்று பார்க்க, உள்பக்க மடிப்பில் ஈர வெள்ளைத் துணியை வைத்து ஒரு நிமிடம் அழுத்தித் தேய்த்தாலே போதும்.

"தண்ணி தெளிவா இருக்கு, சாயம் போகவே இல்ல. ஆனா ஒரு வருஷத்துல கருப்பு ஸ்கிரீன் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுச்சு. டாப் லோடு மெஷின், போர் தண்ணி, பவுடர்." (கோவை)

தம்பி, உங்கள் ஸ்கிரீனில் சாயம் அப்படியே இருக்கலாம். வெளுத்த மாதிரி தெரிவதற்கு மூன்று காரணம் உண்டு, எது என்று நீங்களே பார்த்துவிடலாம்.

ஜன்னல் ஓரமாகச் சாய்ந்த வெளிச்சத்தில் துணியைப் பிடித்துப் பாருங்கள். மேலே பொடிப்பொடியாகப் பூ மாதிரி இழை எழும்பியிருந்தால் அது உரசல். டாப் லோடு மெஷினில் துணிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு தேயும். நூலின் மேல் இழை உடைந்து நிமிரும்போது வெளிச்சம் சிதறிச் சாம்பலாகத் தெரிகிறது. அடுத்ததாக, ஒரு மூலையை மட்டும் பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். தண்ணீர் பால் மாதிரி வந்தால், உப்புத் தண்ணீரில் பவுடர் சரியாகக் கரையாமல் துணியில் படிந்திருக்கிறது. இது ஒன்றுதான் திரும்பச் சரியாகும். பவுடர் இல்லாமல் இரண்டு மூன்று அலசல் விட்டாலே நிறம் தெளியும். மூன்றாவது, கொசுவத்தின் மேடுகள் மட்டும் நெடுக்குக் கோடாக வெளுத்து, பள்ளங்கள் கருப்பாக இருந்தால் அது வெயில். அதற்குத் துவைப்பில் மருந்து கிடையாது. பின்னால் லைனிங் கொடுப்பதுதான் வழி.

இனிமேல் கொக்கி எல்லாம் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரிய மடித்து மூலைகளை ஊசி நூலால் நாலு தையல் போட்டுவிட்டுத் துவையுங்கள். அடர்நிறத்துக்குப் பவுடர் வேண்டாம், லிக்விட் வாங்குங்கள். பல பவுடர்களில் வெள்ளைத் துணிக்காகப் பிளீச்சும் பளபளப்பு ஏற்றும் மருந்தும் சேர்த்திருக்கும், கருப்புக்கு இரண்டும் ஆகாது. மெஷினில் ஜென்டில், பச்சைத் தண்ணீர், ஒரு அலசல் கூடுதல்.

மெஷினை ரொப்பாதீர்கள். ஏழடி நீளம், நாலரை அடி அகலம் உள்ள கனமான ஸ்கிரீன் ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோ. 7 கிலோ மெஷின்தானே என்று நாலைந்தைத் திணித்தால், நனைந்ததும் அவை புரள இடமில்லாமல் உரசும். இரண்டு போட்டால் போதும்.

"என் பிளாக்-அவுட் ஸ்கிரீன் பின்னாடி வெள்ளைப் பூச்சு உரியுது. அதையும் ஈரத்தோட இழுத்து மாட்டலாமா?" (சென்னை)

அது பாலியஸ்டராக இருக்கும், சுருங்குகிற பிரச்சினையே அதில் இல்லை. இழுக்க வேண்டாம். மெஷினில் போடாமல், முறுக்காமல், கையால் அலசி நிழலில் தொங்க விடுங்கள். உரிந்தது ஒட்டாது. காட்டனுக்குப் பின்னால் பாலியஸ்டர் லைனிங் சேர்த்துத் தைத்திருந்தால் வேறு தொல்லை உண்டு: காட்டன் ஏறும், லைனிங் ஏறாது, கீழே பை மாதிரி தொங்கும். லைனிங்கை அடியில் சேர்க்காமல் தனியாக விடச் சொல்லித் தையுங்கள்.

"சோபா கவர் துவைச்சா திரும்ப மாட்ட முடியல. போன தடவை ஜிப்பே பிச்சுக்கிச்சு." (ஈரோடு)

24 இஞ்ச் குஷனுக்கு டெய்லர் பொதுவாக இறுக்கமாகத்தான் வெட்டுவார். நூற்றுக்கு 4 சுருங்கினாலே ஒரு இஞ்ச் போய்விடும். ஜிப்பின் நாடா பாலியஸ்டர், அது சுருங்காது. அதனால் ஜிப் ஓரம் அலை அலையாக எழும்பி, இழுக்கும்போது பல் விட்டுப் போகிறது.

ஜிப்பை மூடி, உள்பக்கம் திருப்பித் துவைத்து, நிழலில் முக்கால்வாசிக்கு மேல் காய விடுங்கள். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், ஈரம் கையில் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் குஷனுக்கு மாட்டி, மூலைகளை இழுத்துச் சரிசெய்து, பேன் காற்றில் குஷனை நிமிர்த்தி வையுங்கள். குஷனின் வடிவத்திலேயே துணி காய்ந்து நிற்கும். அதை விட ஈரமாக மாட்டினால் ஃபோம் தண்ணீரை உறிஞ்சி நாற்றம் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். ஒரு கவரில் காபி கொட்டினாலும் எல்லாக் கவரையும் சேர்த்தே துவையுங்கள், இல்லாவிட்டால் அது ஒன்று மட்டும் வேறு நிறமாகத் தெரியும்.

"நான் 60 டிகிரி வெந்நீர்ல துவைச்சு டிரையர்லயும் போடறேன். ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகல. நீங்க சும்மா பயமுறுத்தறீங்க." (துபாய்)

உங்களுடையது வெள்ளை ஸ்கிரீன் என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நிறம் போவது பற்றிய பேச்சே அதற்கு இல்லை. ஆலையிலேயே சுருக்கிய துணியாகவும் இருக்கும். அடர்நிறத் துணி வாங்கினால் டிரையரில் போடாதீர்கள். சூட்டில் உருண்டு உரசுவதுதான் சுருக்கத்துக்கும் சாம்பல் நிறத்துக்கும் நேர் வழி.

"புதுத் துணியை நனைச்சுட்டுத் தைக்கணுமா, அப்படியேவா? எங்க டெய்லர் நனைக்கவே கூடாதுங்கறார்." (சேலம்)

இதில் எங்கள் ஊர் டெய்லர்களே ஒத்துப்போவதில்லை. நனைத்தால் ஃபினிஷிங்கில் வந்த விறைப்பும் மினுமினுப்பும் போய்விடும், கொசுவம் முதல் நாள் மாதிரி நிற்காது. உங்கள் டெய்லர் சொல்வது அதற்காகத்தான். நான் மொத்தத் துணியையும் நனைப்பதில்லை, ஆனால் சோதிக்காமல் வெட்டுவதும் இல்லை. ஆரம்ப காலத்தில் ஒரு பட்டறைத் துணியை நம்பி 12 ஸ்கிரீன் தைத்துக் கொடுத்தேன். முதல் துவைப்பிலேயே எல்லாம் தரையை விட்டு நாலு இஞ்ச் மேலே போய்விட்டன. அந்த வீட்டுக்காரம்மா முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, பாவு வாட்டத்தில் சரியாக 50 சென்டிமீட்டருக்கு நூலால் இரண்டு அடையாளம் போடுங்கள். வீட்டில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, காய்ந்ததும் அளந்து பாருங்கள். 48 வந்தால் நூற்றுக்கு 4. தைத்து முடித்த நீளம் 84 இஞ்ச் வேண்டுமென்றால் 84-ஐ 0.96-ஆல் வகுங்கள், 87.5 வரும். மூன்றரை இஞ்ச் கூடுதல். அதைக் கீழ் மடிப்புக்குள் மடித்து, முதல் இரண்டு துவைப்பு வரை கையால் பெரிய தையலாகப் போட்டு வையுங்கள். இரண்டாவது துவைப்பிலும் கொஞ்சம் ஏறும். அப்புறம் ராடில் மாட்டி, தரையிலிருந்து அளந்து, மெஷின் தையல் போடச் சொல்லுங்கள்.