டயரில் இரண்டு அம்புகள் எதற்கு?

"உராய்வே இல்லாத டயர்" என்று விளம்பரம் செய்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

வண்டியைக் கிளப்பவோ நிறுத்தவோ திருப்பவோ உத்தேசம் இல்லையென்றால், தாராளமாக வாங்கலாம்.

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு வாங்கிய டயரில் முன், பின் என்று எழுதி, எதிரெதிராக இரண்டு அம்புகள் உள்ளன. அது அச்சுப்பிழை என்று சொல்லி, கடைக்காரர் தம் விருப்பப்படி மாட்டிக் கூலியும் வாங்கிக்கொண்டார்.

பிழை டயரில் இல்லை; உங்களிடம் கூலி வாங்கியவரிடம்தான் இருக்கிறது. 'பின்' என்ற அம்பு சக்கரம் சுழலும் திசையைக் காட்டாவிட்டால், மீண்டும் கூலி கொடுக்காமல் திருப்பி மாட்டச் சொல்லுங்கள்.

சக்கரம் நழுவாமல் உருளும்போது, வண்டி நொடிக்கு 10 மீட்டர் சென்றால் டயரின் உச்சி 20 மீட்டர் வேகத்தில் முன்னே பாயும். தரையைத் தொடும் புள்ளியோ அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கும். ஆகவே அங்கே செயல்படுவது நிலை உராய்வு. "உராய்வு எப்போதும் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்" என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வேகத்தைக் கூட்டும்போது சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்ற, அதன் அடிப்பகுதி தரையைப் பின்னே தள்ளுகிறது. தரை பதிலுக்கு டயரை முன்னே தள்ளுகிறது. வண்டியை ஓட்டிச் செல்வதே அந்த உராய்வுதான். முன்சக்கரத்தை எஞ்சின் சுழற்றுவதில்லை என்பதால், அதன் சுழற்சியைக் கூட்டுவதற்குத் தரை அதைச் சிறிதளவு பின்னோக்கி இழுக்கிறது. பிரேக் பிடித்தால் இரண்டு சக்கரங்களிலும் உராய்வு பின்னோக்கியே செயல்படும். பாரம் முன்னே சாய்வதால் பெரும்பங்கை முன்சக்கரம் தாங்கும்.

ஆக, பின் டயர் தாங்கும் பெரிய விசை முன்னோக்கியது. முன் டயர் தாங்குவது பின்னோக்கியது. டயரின் மேல்ரப்பரைப் பட்டையாகச் சுற்றி, முனைகளைச் சாய்வாக ஒட்டுவதுண்டு. விசை அந்த ஒட்டை அழுத்தி மூட வேண்டுமேயன்றிப் பிரிக்கக் கூடாது என்பதால், அம்புகள் எதிரெதிராகின்றன. மலிவாகக் கிடைத்த பழைய முன் டயர் ஒன்றை, அதன் ஒற்றை அம்பைப் பார்த்தே நானும் ஒருமுறை பின்னால் மாட்டினேன். சில வாரங்களில் ஒட்டிய கோட்டில் ரப்பர் நகம்போலக் கிளம்பி நின்றது.

பிரேக் பிடித்தால் பின்சக்கரம் நின்றுவிடுகிறது, வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது. பிரேக் ஷூவை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை.

சக்கரத்தையே நிறுத்திவிட்ட பிரேக்கிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்? முதல் ஷூவை மாற்றும் முன்பே டயரைக் குனிந்து பார்த்திருக்கலாம். சக்கரம் பூட்டிக்கொண்டால் நிலை உராய்வு போய், அதைவிடக் குறைந்த நழுவு உராய்வே மிஞ்சும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் உராய்வுக் கெழு, சக்கரங்கள் உருளும்போது 0.8 என்றால் சுமார் 6 மீட்டரில் நிற்கும். அவை பூட்டிக்கொண்டு அது 0.6 ஆகக் குறைந்தால் 8 மீட்டருக்கு மேல் ஆகும். டயரின் பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை மேற்பரப்போடு சமமாகிவிட்டதென்றால் டயரை மாற்றுங்கள். டயர் நன்றாக இருந்தால், பாரம் குறைந்த பின்சக்கரத்தை மட்டும் மிதிக்காமல் முன் பிரேக்கையும் சேர்த்துப் படிப்படியாகப் பிடியுங்கள்.